ஒரே கணக்குக்கு 10 மதிப்பெண்: ஃபோட்டோவை வைத்து விடைக்குறிப்பு எழுதுகிறேன், எப்படிப் பிரிப்பது?

சாக்பீஸ்தூசி, பிப்ரவரி 8, இரவு 9.15

உடன் வேலை செய்யும் ஆசிரியர் திடீர் விடுப்பு. அவர் நடத்திய வகுப்புத் தேர்வை நானும் இன்னொருவரும் பிரித்துத் திருத்த வேண்டும். விடைக்குறிப்பு இல்லை. வினாத்தாளை ஃபோனில் ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். விடைத்தாள்கள் திங்கட்கிழமைதான் கைக்கு வரும்.

மொத்தம் 25 என்று மேலே அச்சாகியிருக்கிறது. முதல் மூன்று கேள்விகளுக்குத் தலா 2. அடுத்த மூன்றுக்குத் தலா 3. ஆக 15. ஏழாவதன் மதிப்பெண் ஃபோட்டோவின் வலது ஓரத்தில் வெட்டுப்பட்டுவிட்டது. மீதி 10 என்பதால் அதற்கு 10 என்று எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஒரு செவ்வக நிலத்தின் நீளம் அகலத்தைவிட 5 மீ அதிகம். பரப்பு 84 ச.மீ. அகலத்தையும் நீளத்தையும் காண்க.

இதைப் பத்துப் படிகளாக உடைக்கப் பார்க்கிறேன், வரவில்லை. “அகலம் x என்க” என்பதற்கே 1 கொடுத்தும் 7 தாண்டவில்லை.

எக்ஸ்கண்டுபிடி, பிப்ரவரி 8, இரவு 9.40

சமன்பாடு 3, காரணிப்படுத்தல் 3, மூலங்கள் 2, விடை 1, அலகு 1. முடிந்தது.

மூணாவதுபெஞ்ச், பிப்ரவரி 8, இரவு 9.52

விடைத்தாளை ஃபோட்டோ எடுத்துத் திருத்தும் ஆப் பற்றியா கேட்கிறீர்கள்? எங்கள் அக்கா மகன் பள்ளியில் வட்டம் நிரப்பும் தாளை அப்படித்தான் திருத்துகிறார்கள். நொடியில் மார்க் வந்துவிடும்.

சாக்பீஸ்தூசி, பிப்ரவரி 8, இரவு 9.55

அது இல்லை. இங்கே வினாத்தாள்தான் ஃபோட்டோ. வட்டம் எதுவும் இல்லை, எல்லாம் எழுதிப் போடும் கணக்கு.

சிவப்புமை, பிப்ரவரி 8, இரவு 10.30

டீச்சர், பத்தாகப் பிரிக்கும் முன்னால் ஒன்று கேளுங்கள். அந்தத் தாளுக்குப் பின்பக்கம் உண்டா?

2, 3 என்று போகிற வகுப்புத் தேர்வில் திடீரென 10 வராது. 5 வரும். ஒரு 5 போனால் இன்னொரு 5 எங்கேயோ இருக்க வேண்டும். ஃபோட்டோ எடுப்பவர்கள் முன்பக்கத்தை எடுத்துவிட்டு ஃபோனைப் பையில் போட்டுக்கொள்வார்கள். கூட்டுத்தொகை சரியாக வருவதற்காக ஒரு கேள்வியை வீங்க வைக்காதீர்கள்.

சாக்பீஸ்தூசி, பிப்ரவரி 9, காலை 7.05

பின்பக்கம் இருக்கிறது. எட்டாவது கேள்வி, வரைபடம், 5 மதிப்பெண். இப்போதுதான் அனுப்பினார். நேற்று இரவு ஒன்றரை மணி நேரம் ஒரு செவ்வக நிலத்தைப் பத்தாகப் பாகப்பிரிவினை செய்துகொண்டிருந்தேன்.

சரி, இப்போது ஏழாவதற்கு 5. என் பிரிப்பு இது:

x(x + 5) = 84 என்று அமைத்தால் 1
x² + 5x − 84 = 0 என்று எழுதினால் 1
(x + 12)(x − 7) = 0 என்றால் 1
x = −12, x = 7 என்றால் 1
−12ஐ விலக்கி, அகலம் 7 மீ, நீளம் 12 மீ என்றால் 1

நான்காவது கேள்வியிலும் ஒரு சந்தேகம். தாளின் மடிப்பு சரியாக அதன் மேல் போகிறது. x² − 5x, அப்புறம் ஒரு வெள்ளைக் கோடு, அப்புறம் 6 = 0. நடுவில் இருப்பது பிளஸ்ஸா மைனஸா தெரியவில்லை. பிளஸ் என்று வைத்தால் (x − 2)(x − 3), விடை 2, 3. அழகாக வருகிறது, அதனால் பிளஸ் என்று போட்டுவிட்டேன்.

எக்ஸ்கண்டுபிடி, பிப்ரவரி 9, காலை 8.20

சரிதான். விடை முழு எண்ணாக வந்தால் கேள்வியைச் சரியாகப் படித்திருக்கிறோம் என்று அர்த்தம். கேள்வி தயாரிப்பவர் விடையிலிருந்துதானே பின்னோக்கி வருவார்.

சிவப்புமை, பிப்ரவரி 9, பகல் 1.10

பாதி சரி. விடை அசிங்கமாக வந்தால் தப்பாகப் படித்திருக்கிறோம் என்று சந்தேகப்படலாம். x² − 5x − 14 என்பதில் மைனஸைத் தொலைத்து + 14 என்று படித்தால் 25 − 56, மெய் மூலமே கிடையாது. உடனே தெரிந்துவிடும்.

ஆனால் திருப்பிச் சொன்னால் நிற்காது. x² − 5x − 6 என்று வைத்துப் பாருங்கள். (x − 6)(x + 1). விடை 6, −1. இதுவும் அழகாகத்தான் வருகிறது. 25 − 24 = 1, 25 + 24 = 49, இரண்டுமே முழு வர்க்கம். இப்படி இரட்டை முகம் உள்ள எண்கள் அபூர்வம் இல்லை. 10உம் 24உம் அப்படித்தான், 13உம் 30உம் அப்படித்தான். சின்ன எண்ணாகப் பார்த்துக் கேள்வி போடுபவர் கையில் முதலில் அகப்படுவது இந்த 5, 6 ஜோடி. அழகை நம்பிக் குறியை முடிவு செய்யாதீர்கள்.

வினாத்தாள் எடுத்தவரிடமே வாய்விட்டுக் கேளுங்கள். அவருக்கும் நினைவில்லை என்றால் விடைத்தாள் வரும்வரை அந்த வரியைக் காலியாக விடுங்கள். பிள்ளைகள் கேள்வியை எடுத்தெழுதித்தான் தொடங்குவார்கள்.

படத்தைத் திரும்ப எடுக்கச் சொல்வதானால், தாளை விரித்து மேலே கனமான எதையாவது வைத்து மடிப்பை அமுக்கி, வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி எடுக்கச் சொல்லுங்கள். நான்கு மூலையும் படத்துக்குள் இருக்க வேண்டும், ஓரத்தில்தான் மதிப்பெண் இருக்கும். அனுப்பும்போது ஃபோட்டோவாக இல்லாமல் ஃபைலாக அனுப்பட்டும், அரட்டை ஆப் படத்தைச் சுருக்கும்போது முதலில் கரைவது மைனஸும் புள்ளியும்தான்.

உங்கள் ஐந்து படிகளைப் பற்றி ராத்திரி எழுதுகிறேன். அதில் வில்லங்கம் இருக்கிறது.

எக்ஸ்கண்டுபிடி, பிப்ரவரி 9, பகல் 1.45

10, 24 போட்டுப் பார்த்தேன். 4, 6 ஒரு பக்கம். 12, −2 மறுபக்கம். அட. என் பேச்சை வாபஸ் வாங்குகிறேன்.

சிவப்புமை, பிப்ரவரி 9, இரவு 9.25

ஏழாவது கேள்வி. டீச்சர் எழுதியிருப்பது டீச்சர் போடும் வழி. விடைக்குறிப்பில் அதை மட்டும் எழுதினால், இன்னொரு வழியில் போன பிள்ளைக்கு மதிப்பெண் போட இடமே இருக்காது.

ஒரு பெண் நீளத்தை x என்று வைக்கிறாள். x(x − 5) = 84. காரணிகள் (x − 12)(x + 7). அவள் விலக்குவது −7. உங்கள் குறிப்பில் “−12ஐ விலக்கினால்” என்று இருக்கிறது. கூடத் திருத்துபவர் நாற்பதாவது தாளில் கண் சொருகும் நேரத்தில் −7ஐப் பார்த்துச் சுழித்துவிடுவார்.

இன்னொரு பையன் x² + 5x = 84 என்பதோடு நின்று வர்க்கம் நிரப்புகிறான். (x + 2.5)² = 90.25, ஆகவே x + 2.5 = ±9.5. நேராக 7 வந்துவிட்டது. அவன் “= 0” என்று எங்கேயும் எழுதவில்லை, காரணியும் இல்லை. உங்கள் கணக்கில் அவனுக்கு 2 போச்சு. அவன் என்ன தப்பு செய்தான்?

படியின் பெயரை மாற்றுங்கள். “நிபந்தனைகளிலிருந்து ஒரு மாறியில் சரியான சமன்பாடு” 2. “அதைத் தீர்க்கும் ஏதாவது ஒரு சரியான வழி” 1. “அந்த வழியில் வரும் மூலங்கள்” 1. “பொருந்தாததை விட்டு இரண்டு அளவையும் அலகோடு சொல்வது” 1. இதில் வழிக்கு உரிய மதிப்பெண் எது, விடைக்கு உரிய மதிப்பெண் எது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிழை செய்த பிள்ளையின் தாளைத் திருத்தும்போது அது உதவும்.

அறிவியல்அறை, பிப்ரவரி 9, இரவு 9.50

எங்கள் பாடத்தில் அலகுதான் தலைவலி. வேகம் மணிக்கு 36 கிமீ என்று கொடுத்தால் அதை நொடிக்கு 10 மீட்டராக மாற்றாமல் 36ஐ அப்படியே போட்டுவிடுவார்கள். மாற்றாததற்கு ஒன்று குறைப்பேன். அதற்குப் பின்னால் அந்த 36ஐ வைத்துச் சரியாகப் போட்டிருந்தால் மீதியைக் கொடுத்துவிடுவேன். எங்கள் துறைத் தலைவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார். விடை தப்பு, எதற்கு மார்க் என்பார்.

மூணாவதுபெஞ்ச், பிப்ரவரி 9, இரவு 10.05

இப்போது புரிந்தது, நேற்று நான் வேறு ரயிலில் ஏறிவிட்டேன். என் மகள் தாளில் இதே தகராறு. 84 என்பதை 48 என்று எழுதிவிட்டாள். அதற்குப் பிறகு எல்லாம் சரி. 5க்கு 0. ஒரு தடவை செய்த தப்புக்கு ஐந்து தடவை அடியா?

சிவப்புமை, பிப்ரவரி 9, இரவு 10.40

உங்கள் மகளுடையதையே போட்டுப் பார்ப்போம். x² + 5x − 48 = 0. 25 + 192 = 217, முழு வர்க்கம் இல்லை. அவள் சூத்திரம் போட்டு ஏறத்தாழ 4.87 என்று கொண்டுவந்திருப்பாள், நீளம் 9.87. உண்மையில் அசல் கணக்கைவிடக் கஷ்டமானதைப் போட்டிருக்கிறாள். எடுத்தெழுதிய பிழைக்கு 1 குறைத்து 4 கொடுப்பேன். பிழை ஒரு முறை நடந்தது, ஒரு முறைதான் குறைக்க வேண்டும்.

ஆனால் இதற்கு ஒரு எல்லை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் குறிப்பு கெட்டுப்போகும். அடைப்புக்குறியை மறந்து x² + 5 = 84 என்று எழுதும் பிள்ளை எல்லா வகுப்பிலும் இருக்கும். அப்புறம் x² = 79, x = √79, ஏறத்தாழ 8.9. பிழையைத் தொடர்ந்து பார்த்தால் மீதிப் படிகள் “சரி”. ஆனால் காரணிப்படுத்தும் வேலையோ சூத்திரம் போடும் வேலையோ இல்லாமல் போய்விட்டது. நாம் சோதிக்க நினைத்த திறமையை அந்தப் பிள்ளை காட்டவில்லை. இங்கே பரப்பு என்றால் பெருக்க வேண்டும் என்று தெரிந்ததற்கு 1, கடைசியில் எதிர்மறையை விட்டு அலகோடு சொல்லியிருந்தால் இன்னொரு 1. அதற்கு மேல் போகாதீர்கள். கணக்கின் பாரத்தைக் குறைத்துவிட்ட பிழையையும் குறைக்காத பிழையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

எக்ஸ்கண்டுபிடி, பிப்ரவரி 9, இரவு 10.55

அந்த இன்னொரு 1 எதற்கு சார்? 8.9 மீ அகலத்துக்கு 13.9 நீளம், பெருக்கினால் 120ஐத் தாண்டுகிறது. பரப்பு 84தானே. சரிபார்த்திருந்தால் அவனுக்கே தெரிந்திருக்குமே.

சிவப்புமை, பிப்ரவரி 9, இரவு 11.10

நியாயமான கேள்வி. நான் கொடுப்பேன், நீங்கள் கொடுக்காமல் இருக்கலாம். இரண்டு பேரும் திருத்தும்போது ஒரே மாதிரி இருந்தால் போதும்.

சாக்பீஸ்தூசி, பிப்ரவரி 10, காலை 6.50

குறிப்பை மாற்றி எழுதிவிட்டேன். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் “வழி” அல்லது “விடை” என்று குறித்திருக்கிறேன். விடுப்பில் இருப்பவரிடம் குறியைக் கேட்டேன். “மைனஸ் என்றுதான் நினைக்கிறேன்” என்றார். அந்த “நினைக்கிறேன்” எனக்குப் பிடிக்கவில்லை. நான்காவது வரி காலியாகவே இருக்கிறது.

இன்னொன்று. சமன்பாடே போடாமல் 7 × 12 = 84, 12 − 7 = 5, ஆகவே 7 மீ, 12 மீ என்று எழுதினால்?

எக்ஸ்கண்டுபிடி, பிப்ரவரி 10, காலை 9.00

2க்கு மேல் கொடுக்கக் கூடாது. இருபடிச் சமன்பாட்டுப் பாடத்துக்கான தேர்வு இது.

சிவப்புமை, பிப்ரவரி 10, பகல் 12.45

கேள்வியில் “சமன்பாடு அமைத்து” என்ற சொல் இருக்கிறதா? டீச்சர் எழுதியதில் இல்லை. ஃபோட்டோவில் அந்த வரியின் தொடக்கம் முழுதாகத் தெரிகிறதா என்று ஒரு முறை பாருங்கள். இருந்தால் எக்ஸ் சொல்வது சரி. இல்லையென்றால், கேட்டதை அந்தப் பிள்ளை சொல்லிவிட்டது, இரண்டு நிபந்தனையையும் சரிபார்த்தும் காட்டிவிட்டது. நான் 5 கொடுப்பேன். கேள்வியில் இல்லாத நிபந்தனையைத் திருத்தும் மேசையில் சேர்க்க எனக்கு மனம் வராது.

எக்ஸ்கண்டுபிடி, பிப்ரவரி 10, பகல் 1.00

ஒத்துக்கொள்ள மாட்டேன். வேறு விடை இல்லை என்று அந்தப் பிள்ளை காட்டவில்லையே.

சாக்பீஸ்தூசி, பிப்ரவரி 10, மாலை 5.30

வரி முழுதாகத் தெரிகிறது, “சமன்பாடு அமைத்து” இல்லை. நானும் கூடத் திருத்துபவரும் பேசி 4 என்று வைத்துக்கொண்டோம். உங்கள் இருவருக்குமே பிடிக்காது என்று தெரியும்.

சாக்பீஸ்தூசி, பிப்ரவரி 12, இரவு 8.40

விடைத்தாள் வந்துவிட்டது. 41 தாள். எடுத்தவுடன் நான்காவது கேள்வியைத்தான் புரட்டினேன்.

29 பேர் − 6 என்று எழுதியிருக்கிறார்கள். 4 பேர் அந்தக் கேள்வியைத் தொடவில்லை. ஆனால் 8 பேர் + 6 என்று எழுதி 2, 3 என்று விடை போட்டிருக்கிறார்கள். எட்டுப் பேர் சேர்ந்து ஒரே மாதிரி தப்பாகப் படிப்பார்களா? காப்பி அடித்தார்கள் என்று கூடத் திருத்துபவர் சொல்கிறார்.

சிவப்புமை, பிப்ரவரி 12, இரவு 9.15

தண்டிக்கும் முன்னால் மிச்சம் கிடக்கும் வினாத்தாள்களைத் தேடுங்கள். எல்லாத் தாளும் ஒரே மாதிரி அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சாக்பீஸ்தூசி, பிப்ரவரி 13, பகல் 12.20

அலமாரியில் ஐந்து தாள் மிச்சம் இருந்தது. மூன்றில் மைனஸ் பளிச்சென்று இருக்கிறது. இரண்டில் அந்த இடத்தில் வெள்ளைக் கோடு, அப்புறம் 6.

ஃபோனில் கேட்டேன். முதலில் எடுத்த நகல் போதவில்லையாம். மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்த ஒரு தாளை விரித்து, அதையே வைத்து இன்னொரு கட்டு எடுத்திருக்கிறார். மடிப்பில் மை உதிர்ந்த இடம்தான் அந்த வெள்ளைக் கோடு. எனக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்பியதும் அதே மடித்த தாளைத்தான். நான் நான்கு நாளாகக் கேமராவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சிவப்புமை, பிப்ரவரி 13, பகல் 1.05

அப்படியானால் விடைக்குறிப்பில் நான்காவதற்கு இரண்டு விடை எழுதுங்கள். − 6 என்று எடுத்தவர்களுக்கு 6, −1. குறி அழிந்த தாளில் + 6 என்று எடுத்தவர்களுக்கு 2, 3. இரண்டுக்கும் நடு உறுப்பைப் பிரிப்பது 1, காரணி 1, மூலங்கள் 1. பாரம் இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் இங்கே தயங்க வேண்டியதில்லை. எட்டுப் பேருக்கும் முழு மதிப்பெண்.

சாக்பீஸ்தூசி, பிப்ரவரி 13, இரவு 10.10

போட்டுவிட்டேன். ஆனால் முழுசாக முடியவில்லை.

தாளை முன்வரிசையிலிருந்துதான் கொடுத்தார்களாம், இரண்டாவது கட்டு கடைசி இரண்டு வரிசைக்குப் போனது. எட்டுப் பேரில் ஏழு பேர் அந்த வரிசைகள். எட்டாவது பையன் முதல் வரிசை. அவனுக்கு மைனஸ் தெளிவாக உள்ள தாள் கிடைத்திருக்க வேண்டும். வினாத்தாளை எல்லோரும் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அவன் தொலைத்துவிட்டானாம். எடுத்தெழுதிய பிழை என்றால் 3க்கு 2. தாள் கோளாறு என்றால் 3.

இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். 6, −1 என்று சரியாகப் போட்டு, “எதிர்மறை வராது” என்று −1ஐ அடித்திருக்கிறாள். நிலத்துக் கணக்கு மனதில் ஓடியிருக்கும் போல. அவளுக்கு 2 போட்டேன். மனசு கேட்கவில்லை.

எக்ஸ்கண்டுபிடி, பிப்ரவரி 13, இரவு 10.25

பெண்ணுக்கு 2 சரி. வெறும் சமன்பாட்டில் −1ஐ அடிக்கக் காரணமே இல்லை, கடைசி விடை தப்பு. பையனுக்கும் 2.

அறிவியல்அறை, பிப்ரவரி 13, இரவு 10.40

பையனுக்கு 3. கொடுக்கும்போது கட்டு மாறியிருக்கலாம், யார் கண்டது. நிரூபிக்க முடியாததற்கு மார்க் குறைக்கக் கூடாது.

சிவப்புமை, பிப்ரவரி 14, காலை 6.30

பெண் விஷயத்தில் எக்ஸ் சொல்வது சரி. பையன் விஷயத்தில் அறிவியல்அறை பக்கம் நிற்கிறேன். ஆனால் டீச்சர், அவனை வேறு கேள்விகளில் பார்த்தீர்களா? எடுத்தெழுதும்போது குறியைத் தவறவிடும் பழக்கம் உள்ளவனா?

சாக்பீஸ்தூசி, பிப்ரவரி 14, காலை 7.15

பார்த்தேன். ஐந்தாவது கேள்வியில் ஒரு மைனஸைப் பிளஸ்ஸாக எழுதிவிட்டு, அவனே அடித்துத் திருத்தியிருக்கிறான். இதை அவனுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வதா பாதகமாகவா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதைக்கு 3 போட்டு, ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி வைத்திருக்கிறேன். கூடத் திருத்துபவர் நாளை வந்து பார்க்கட்டும்.

மூணாவதுபெஞ்ச், பிப்ரவரி 14, காலை 8.00

என் மகளின் 48க்கு 4 என்று இங்கே ஒருவர் சொன்னார் என்று அவளிடம் சொன்னேன். அந்த ஆசிரியரிடம் தாளைக் கொண்டுபோகட்டுமா என்று கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?

சிவப்புமை, பிப்ரவரி 14, காலை 8.20

போகட்டும். மார்க் கேட்க வேண்டாம். “48 என்பதுதான் என் கேள்வி என்றால் இதில் எந்த வரி தப்பு சார்” என்று கேட்கச் சொல்லுங்கள்.